கார் சாவியும் இழுவை லோரியும்: காப்புறுதி எதுவரை கைகொடுக்கும்?

காப்புறுதி புதுப்பிக்க வருபவர்களிடம் நான் கேட்கும் கடைசிக் கேள்வி ஒன்று உண்டு. "சாவி கவரேஜும் சேர்த்துப் போடவா?" கூடுதலாக முப்பது, நாற்பது வெள்ளிதான் ஆகும் என்றால் பெரும்பாலோர் "போடுங்க தம்பி" என்று சொல்லிவிடுவார்கள். சாலை உதவியைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை. முழுக் காப்புறுதியோடு பெரும்பாலும் அது சும்மாவே வருகிறது. சும்மா வரும் பொருளுக்கு யார் விவரம் கேட்பார்கள்?

இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதுதான் முதல் குழப்பம். சாவி தொலைந்தால் போன் பண்ணலாம், ஆள் வந்து சாவி செய்து கொடுத்துவிட்டுப் போவார் என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை. சாலை உதவி என்பது ஆளும் லோரியும் வருவதற்கான செலவு. சாவிக் காப்பு என்பது புதுச் சாவிக்கு நீங்கள் கட்டிய பணத்தைப் பின்னால் திருப்பித் தருவது. ஒன்று சாவிக்குப் பணம் தராது, மற்றொன்று ஆளை அனுப்பாது. இரண்டுக்கும் தனித்தனி எல்லைகள் உண்டு.

என்னிடம் பல ஆண்டுகளாகக் காப்புறுதி எடுக்கும் ஓர் அக்காவுக்கு நடந்ததைச் சொன்னால் இது தெளிவாகப் புரியும். ஊத்தான் மெலிந்தாங் பக்கம் ஒரு தோட்டத்தில் இருப்பவர். ஒரு சனிக்கிழமை மாலை தெலுக் இந்தானில் சாமான் வாங்கிவிட்டுக் காருக்கு நடந்து வரும்போது, மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் கைப்பையைப் பறித்துக்கொண்டு போய்விட்டார்கள். பையில் கைப்பேசி, அடையாள அட்டை, முந்நூறு வெள்ளி, கார் சாவி. காரோ கண் முன்னால் நிற்கிறது. வீட்டில் மாற்றுச் சாவி கிடையாது. அது தொலைந்து நான்கைந்து வருடம் ஆகிவிட்டது.

பக்கத்துக் கடைக்காரரின் கைப்பேசியிலிருந்து என்னைக் கூப்பிட்டார். உதவி மைய எண் பறிபோன கைப்பேசியில்தான் இருந்தது. நல்ல வேளையாக என் எண் அவருக்கு மனப்பாடம். நான் உதவி மைய எண்ணைச் சொன்னேன். அவர் அங்கே கூப்பிட்டு "சாவி இல்லை" என்று சொன்னதும் பூட்டு திறப்பவர் ஒருவரை அனுப்பினார்கள். முக்கால் மணி நேரத்தில் அவர் வந்து, கதவு இடுக்கில் காற்றுப் பை வைத்து விலக்கி, கம்பி விட்டுக் கதவைத் திறந்தார். அத்தோடு அவர் வேலை முடிந்தது. கார் கிளம்பவில்லை.

கிளம்பாததற்குக் காரணம் இருக்கிறது. இப்போதைய கார் சாவிக்குள் ஒரு சிறு சில்லு இருக்கும். காரில் உள்ள திருட்டுத் தடுப்புக் கருவி அந்தச் சில்லை அடையாளம் கண்டால்தான் எஞ்சின் ஓடும். கதவைத் திறப்பவர் சில்லைச் செய்ய மாட்டார். சாலை உதவியில் சொல்லப்படும் பூட்டுச் சேவை, சாவியைக் காருக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டவர்களுக்காக ஏற்பட்டது. வந்தவரின் கூலி அதில் அடங்கும். சாவி வெட்டுவதும், சில்லைப் பதிவு செய்வதும், பொருள் செலவும் பெரும்பாலும் அடங்காது. சில கார்களின் கதவை இப்படித் திறக்கவும் முடியாது. அதோடு, கீறல் விழுந்தால் பொறுப்பல்ல என்று ஒரு தாளில் கையெழுத்தும் வாங்குவார்கள். இதெல்லாம் தெரிந்த நானே அன்று அவசரத்தில் அக்காவுக்கு அதைச் சொல்லவில்லை. நேராக இழுவை லோரி கேளுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். அதன் விலை என்ன என்று பின்னால் வருகிறது.

கதவு திறந்ததால் ஒரு நன்மை மட்டும் கிடைத்தது. பறித்தவன் கையில் கார் சாவியும் இருக்கிறது, முகவரி போட்ட அடையாள அட்டையும் இருக்கிறது. அவன் திரும்பி வந்தால் காரை ஓட்டிக்கொண்டே போகலாம். அதனால் அக்காவின் மருமகன் வந்து முன்மூடியைத் திறந்து பேட்டரியையே கழற்றி எடுத்துக்கொண்டு போனார். ஒரு ஸ்பானர் போதும். இப்படி நேர்ந்தால் நீங்களும் செய்யலாம்.

அன்றிரவே காவல் நிலையத்துக்குப் போய்ப் புகார் கொடுத்தார்கள். இங்கேதான் இரண்டாவது தவறு நடந்தது. பயந்து போயிருந்தவர் புகாரில் பை, கைப்பேசி, அடையாள அட்டை, பணம் என்று சொன்னார். கார் சாவியைச் சொல்லவில்லை. நம் ஆட்கள் பலர் இப்படித்தான். அடையாள அட்டை மறுபடி எடுக்க வேண்டும் என்பதே மனதில் இருக்கும். காப்புறுதி நிறுவனமோ அந்தப் புகாரில் சாவி என்ற சொல்லைத் தேடும். மறுநாள் திரும்பவும் போய், முதல் புகாரின் எண்ணைக் குறிப்பிட்டு, பையில் கார் சாவியும் இருந்தது, காரின் பதிவு எண் இது என்று இரண்டாவது புகார் கொடுக்க வேண்டியதாயிற்று.

புகார் மலாயில் எழுதப்படும். அதில் 'ராகுட்' அல்லது 'சூரி' என்று இருக்கிறதா, வெறும் 'ஹிலாங்' என்று இருக்கிறதா என்பது பெரிய விஷயம். ஏனென்றால் சாவிக் காப்பில் பல வகை திருட்டு, வழிப்பறி, கொள்ளை, கார் உடைப்பு ஆகியவற்றுக்கு மட்டும்தான் பணம் தருகின்றன. சந்தையில் எங்கோ விழுந்துவிட்டது, ஆற்றில் மீன் பிடிக்கும்போது தவறிவிட்டது, துணியோடு இயந்திரத்தில் சுற்றிவிட்டது என்றால் அவை தராது. தவறவிட்ட சாவிக்கும் தருபவையும் உண்டு, ஆனால் அதை முன்கூட்டியே பாலிசியில் பார்த்துத்தான் வாங்க வேண்டும். அதற்காக, விழுந்த சாவியைத் திருட்டு என்று எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். பொய்ப் புகார் கொடுப்பது குற்றவியல் சட்டப்படி குற்றம். நடந்ததைச் சொல்லுங்கள், முழுவதும் சொல்லுங்கள். வெளியே வருவதற்கு முன் புகாரை ஒருமுறை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

ஞாயிறு கழிந்து திங்கட்கிழமை காரை இழுக்க வேண்டும். பழைய ஜப்பானியக் கார். எல்லாச் சாவியும் போனபின் புதிதாகப் பதிவு செய்யும் வசதி ஈப்போவில் உள்ள சேவை மையத்தில்தான் இருந்தது. தெலுக் இந்தானிலிருந்து 85 கிலோமீட்டர். அக்காவின் பாலிசியில் இழுவை 150 கிலோமீட்டர் வரை இலவசம். தாராளம் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். ஆனால் அதற்குப் பக்கத்தில் 'போக வர' என்று ஒரு சிறு குறிப்பு இருந்தது. லோரி ஈப்போவுக்குப் போவதும் கணக்கு, காலியாகத் திரும்பி வருவதும் கணக்கு. 85 இரண்டு தடவை 170. எல்லைக்கு மேல் 20 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு மூன்று வெள்ளி வீதம் அறுபது வெள்ளியை லோரிக்காரர் கையில் கொடுக்க வேண்டியிருந்தது.

அதாவது 150 என்று போட்டிருந்தாலும் ஒரு வழிக்கு 75 தான். சில பாலிசிகளில் தூரத்துக்குப் பதில் ஒரு தொகை இருக்கும், இத்தனை ரிங்கிட் வரை என்று. அதில் தூரம், லோரியின் வகை, இரவு நேரக் கட்டணம் எல்லாமே அந்தத் தொகைக்குள் அடங்க வேண்டும். தோட்டத்தில் இருப்பவர்கள் ஒரு கணக்கைப் போட்டு வைத்துக்கொள்வது நல்லது. உங்கள் வீட்டிலிருந்து வழக்கமாகக் கார் பார்க்கும் பட்டறை எத்தனை கிலோமீட்டர்? அதை இரண்டால் பெருக்குங்கள். பாலிசியில் உள்ள எண் அதைவிடச் சிறியதா என்று பாருங்கள்.

இன்னொன்று. சாவி இல்லாத ஆட்டோ கியர் கார் 'பி' கியரிலேயே பூட்டி நிற்கும், திருப்பு சக்கரமும் அசையாது. முன்பக்கத்தைத் தூக்கி இழுக்கும் லோரி எல்லாக் காருக்கும் ஒத்துவராது. முழுக் காரையும் மேலே ஏற்றும் தட்டை லோரிதான் பாதுகாப்பு. கூப்பிடும்போதே அதைச் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் தவறான லோரி வந்து திரும்பிப் போனால், அந்த வருகையும் ஒரு தடவையாக எண்ணப்படலாம்.

ஈப்போவில் வந்த பில் இது. சில்லும் ரிமோட்டும் உள்ள சாவிக்கு 680 ரிங்கிட். பதிவு செய்யவும் பறிபோன சாவியின் பதிவை அழிக்கவும் 220. பழைய சாவியின் இரும்புப் பகுதியால் கதவைத் திறக்க முடியாதபடி ஓட்டுநர் கதவின் பூட்டை மாற்ற 260. மொத்தம் 1,160. அக்காவின் சாவிக் காப்பு 1,000 ரிங்கிட் வரை. ஆயிரம் கிடைக்கும், மிச்சம் 160 தான் கையை விட்டுப் போகும் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். கிடைத்தது 900. அந்தப் பாலிசி 'சாவி மாற்றுதல்' என்று சொல்கிறது, பூட்டைப் பற்றிப் பேசவில்லை. சில பாலிசிகளில் சாவியும் பூட்டும் என்று சேர்த்தே எழுதியிருக்கும். ஒரு சொல்லில் 100 ரிங்கிட் வித்தியாசம். ஆனாலும் பூட்டை மாற்றியது சரியான முடிவுதான். வீடு தெரிந்தவன் கையில் கதவு சாவி இருக்கும்போது 260 வெள்ளியைப் பார்க்கக் கூடாது.

அந்த 900 உடனே வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். முழுப் பில்லையும் அக்கா முதலில் கட்டினார். பிறகு மூல ரசீது, இரண்டு புகார் நகல்கள், அடையாள அட்டை நகல், வாகனச் சான்றிதழ் நகல் எல்லாம் அனுப்பினோம். முதல் புகாரில் ஏன் சாவி இல்லை என்று ஒரு விளக்கம் கேட்டார்கள். பதில் எழுதினோம். மூன்று வாரத்துக்குப் பிறகு பணம் வங்கிக் கணக்குக்கு வந்தது. ரசீதில் காரின் எண் இல்லாவிட்டால் திருப்பி அனுப்புவார்கள். சந்தைக் கடையில் கையால் எழுதிய பில்லுக்கும் சந்தேகம் வரும்.

என்சிடி போய்விடுமோ என்று அக்கா பயந்தார். 55 விழுக்காடு கழிவு சேர்த்து வைத்திருப்பவருக்கு அந்தப் பயம் நியாயமானது. சாலை உதவியைக் கூப்பிடுவது என்சிடியைத் தொடாது. தனியாகப் பணம் கட்டி வாங்கிய சாவிக் காப்பும் பொதுவாகத் தொடாது. காரின் சொந்தச் சேதத்துக்குக் கோரினால் என்சிடி போகும். அக்காவின் கார் கண்ணாடியை உடைத்துச் சாவியை எடுத்திருந்தால் அந்தக் கண்ணாடி வேறு கதை. கண்ணாடிக் காப்பு தனியாக வாங்கியிருந்தால் அதில் கோரலாம், என்சிடி தப்பும்.

இனி எண்ணிக்கைக்கு வருகிறேன். அக்காவின் பாலிசியில் சாலை உதவி ஆண்டுக்கு மூன்று தடவை. எல்லாச் சேவையும் சேர்த்து மூன்று. ஆண்டு என்றால் ஜனவரி முதல் டிசம்பர் வரை அல்ல, காப்புறுதி தொடங்கிய நாளிலிருந்து பன்னிரண்டு மாதம். பயன்படுத்தாமல் மிச்சமானதை அடுத்த ஆண்டுக்குக் கொண்டு போக முடியாது. அந்த ஒரே சம்பவத்தில் இரண்டு தடவை போய்விட்டது. கதவு திறந்தது ஒன்று, லோரி இழுத்தது ஒன்று. நான் சொல்ல மறந்ததன் விலை இதுதான். சாவிக் காப்போ ஆண்டுக்கு ஒரே தடவை, அதுவும் முடிந்துவிட்டது.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலை பேட்டரி செத்துவிட்டது. மூன்றாவது தடவை. அப்போது வேறொரு சிக்கல். கார் நின்றது தோட்டத்து லயத்து வீட்டு வாசலில். வந்த வேன் தோட்டத்து நுழைவாயில் வரை வந்து நின்றுகொண்டது. உள்ளே ஆறு கிலோமீட்டர் செம்மண் சாலை, முந்தின இரவு மழை வேறு. லோரியும் வேனும் பத்திரமாக வந்து போகக்கூடிய பொதுச் சாலையில்தான் சேவை என்று பல திட்டங்களில் எழுதியிருக்கிறது. தனியார் தோட்டத்துச் சாலை, எண்ணெய்ப்பனைக் காட்டு வழி, வெள்ளம் நிற்கும் இடம் இவற்றுக்கு மறுக்கலாம். கடைசியில் பக்கத்து வீட்டுத் தம்பியின் லோரியிலிருந்து கம்பி போட்டுக் காரைக் கிளப்பினார்கள். வாசல் வரை வந்த வேன் ஒரு தடவையாகக் கணக்கில் ஏறியது. பேட்டரிச் சேவையில் கம்பி போட்டு எழுப்புவதுதான் இலவசம், புது பேட்டரிக்கு நீங்கள்தான் பணம் கட்ட வேண்டும். டயர் மாற்றுவதும் அப்படித்தான், உங்கள் மாற்று டயரில் காற்று இருக்க வேண்டும். பெட்ரோல் கொண்டு வந்தால் பெட்ரோல் காசு உங்களுடையது.

எல்லாப் பாலிசியும் மூன்று தடவை என்று நினைக்க வேண்டாம். இழுவைக்குத் தனி எண்ணிக்கையும் மற்றவற்றுக்குத் தனி எண்ணிக்கையும் வைத்திருப்பவை உண்டு. எண்ணிக்கையே இல்லாமல் தூரத்தை மட்டும் கட்டுப்படுத்துபவையும் உண்டு. விபத்தில் இழுப்பதையும் பழுதில் இழுப்பதையும் பிரித்து எண்ணுபவையும் உண்டு. ஆகவே புதுப்பிக்கும்போது உங்கள் முகவரிடம் 'புரோடக்ட் டிஸ்குளோஷர் ஷீட்' என்ற தகவல் தாளையும் சாலை உதவிக்கான விதிமுறையையும் கேட்டு வாங்குங்கள். விளம்பரத் தாள் போதாது. 'போக வர', 'மொத்தம்', 'ஒரு பாலிசி ஆண்டுக்கு' என்ற சொற்கள் அந்த விதிமுறையில்தான் இருக்கும்.

நெடுஞ்சாலையில் நின்றுவிட்டால் பலர் செய்யும் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். காப்புறுதியின் உதவி மையத்தைக் கூப்பிடுவதற்கு முன்பே ஒரு லோரி எங்கிருந்தோ வந்து நிற்கும். "பணம் கட்டுங்க, பிறகு காப்புறுதியில் வாங்கிக்கலாம்" என்பார். வாங்க முடியாது. உதவி மையத்தின் அனுமதி இல்லாமல் நீங்களாகப் பிடித்த லோரிக்குப் பெரும்பாலும் ஒரு காசும் திரும்பி வராது. பிளஸ் நெடுஞ்சாலை என்றால் 1800-88-0000 என்ற எண்ணில் அவர்களுடைய ரோந்துப் படையைக் கூப்பிடலாம். அவர்கள் பக்கத்தில் உள்ள பாதுகாப்பான இடம் வரை கொண்டு போய் விடுவார்கள். அங்கிருந்து உங்கள் காப்புறுதி லோரி வரட்டும். அதுவரை குடும்பத்தோடு காவல் கம்பிக்கு வெளியே நில்லுங்கள், காருக்குள் உட்காராதீர்கள்.

சாவிக் காப்பு தேவையா என்று கேட்பவர்களுக்கு நான் இப்போது சொல்லும் பதில், முன்பு சொன்னதல்ல. சில்லு இல்லாத வெறும் இரும்புச் சாவி உள்ள பழைய கார் என்றால் வேண்டாம், பட்டறையில் சில வெள்ளிக்கு வெட்டித் தருவார்கள். ரிமோட் சாவிக் கார் என்றால் வீட்டில் இரண்டு சாவி இருக்கிறதா என்று முதலில் கேட்பேன். ஒன்றுதான் இருக்கிறது என்றால், காப்பு வாங்கும் முன் மாற்றுச் சாவி செய்யச் சொல்வேன். ஒரு சாவி கையில் இருக்கும்போது இன்னொன்றைப் பதிவு செய்வது சின்ன வேலை. எல்லாம் போன பிறகு காரை இழுத்துக்கொண்டு போய்க் கருவியையே மறுபடி அமைக்க வேண்டியிருக்கும். அக்காவிடம் மாற்றுச் சாவி இருந்திருந்தால் அன்று மருமகன் மோட்டார் சைக்கிளில் கொண்டு வந்திருப்பார், ஈப்போ வரை இழுவையே இல்லை. இரண்டு சாவியும் இருந்து, ஒரு சாவியின் விலையே எழுநூறு, எண்ணூறு ஆகும் காராகவும் இருந்தால், அப்போது காப்புக்குக் கட்டும் நாற்பது வெள்ளிக்கு அர்த்தம் உண்டு.

கோரிக்கையை நிறுவனம் மறுத்துவிட்டால், மறுப்பை எழுத்தில் கேளுங்கள், எந்த விதியின்படி என்றும் கேளுங்கள். முதலில் அதே நிறுவனத்தின் புகார்ப் பிரிவுக்கு எழுத வேண்டும். அவர்களுடைய இறுதி முடிவும் சரியில்லை என்று பட்டால், 2025 ஜனவரியிலிருந்து இயங்கும் நிதிச் சந்தை குறைதீர்ப்பாளர் சேவைக்குக் கொண்டு போகலாம். முடிவு வந்ததிலிருந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும், தனி மனிதர்களுக்குக் கட்டணம் இல்லை. வழி தெரியாவிட்டால் பேங்க் நெகாராவின் 1-300-88-5465 எண்ணில் விசாரிக்கலாம். நூறு வெள்ளிக்கு யார் இவ்வளவு அலைவார்கள் என்று தோன்றும். ஆயிரம் வெள்ளி என்றால் அலையலாம்.

இந்த ஆண்டு புதுப்பிக்க வந்தபோது அக்கா சாவிக் காப்பைத் தொடர்ந்தார். ஆனால் பூட்டும் சேர்ந்த வகையாக வேண்டும், இழுவை தூரம் கூடுதலாக வேண்டும் என்று கேட்டு வாங்கினார். மாற்றுச் சாவி மருமகன் வீட்டில் இருக்கிறது. முன்பு சாலை வரி வில்லை ஒட்டியிருந்த இடத்தில், வெளியிலிருந்து படிக்கும்படி, உதவி மைய எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறார்.